பொங்கல் விடுமுறையில் கெடு முடிகிறது: செக் வழக்கைத் திங்கட்கிழமை போடலாமா?

*வக்கீல் ஐயா, வணக்கம். ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்களிடம் துணி எடுத்தவர் கொடுத்த 3,80,000 ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. பாங்க் மெமோ 2025 அக்டோபர் 31 அன்று கைக்கு வந்தது. நவம்பர் 27 அன்று ஸ்பீடு போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். டிசம்பர் 1 அன்று அவர் வாங்கிக்கொண்டார். பணம் தரவில்லை. கேஸ் போட ஜனவரி 16 கடைசி நாள் என்கிறார் குமாஸ்தா. 17 என்கிறார் நண்பர். இரண்டு நாளும் பொங்கல் லீவு, 18 ஞாயிறு. 19 திங்கட்கிழமை போட்டால் செல்லுமா? இதே ஆள் 2023 மே 11 அன்று எடுத்த சரக்குக்கு 2,40,000 ரூபாய் பில் தனியாக நிற்கிறது. கடன் தவணை எதுவும் பேசவில்லை. மூன்று வருடம் வருகிற மே 11-ல் முடிகிறது. மே மாதம் கோர்ட் லீவுதானே, ஜூனில் போட்டுக்கொள்ளலாமா? மே கடைசியில் 'பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார்.*
*— ஜவுளி வியாபாரி, ஈரோடு*

அன்புள்ள ஐயா,

செக் வழக்கை ஜனவரி 19 திங்கட்கிழமை போட்டால் செல்லும். ஆனால் பொங்கலுக்கு முன்பே, 12 அல்லது 13-ஆம் தேதியே போட்டுவிடுங்கள். மே மாத பில் விஷயத்தில் ஜூன் வரை காத்திருக்கும் யோசனையும், மே கடைசியில் எழுத்து வாங்கும் யோசனையும் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஆபத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் செக்.

உங்கள் குமாஸ்தாவும் நண்பரும் ஒரு நாள் வித்தியாசத்தில் நிற்கிறார்கள். நண்பர் சொல்வதுதான் சரி. நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் பணம் கட்டச் செக் கொடுத்தவருக்குச் சட்டம் அவகாசம் தருகிறது. கிடைத்த நாளான டிசம்பர் 1-ஐ விட்டுவிட்டு, 2-ஆம் தேதியை முதல் நாளாக எண்ணுங்கள். பதினைந்தாவது நாள் டிசம்பர் 16. அன்று இரவு வரை அவர் பணம் கட்டலாம். கட்டாததால் 17-ஆம் தேதி உங்களுக்கு வழக்கு மூலம் பிறக்கிறது, அதாவது வழக்குப் போடும் உரிமை உண்டாகிறது. அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கலாக வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142-வது பிரிவு.

இந்த ஒரு மாதத்தை எண்ணும்போதுதான் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வருகிறது. ஒன்று, வழக்கு மூலம் பிறந்த 17-ஆம் தேதியையும் சேர்த்து எண்ணுவதா, விடுவதா என்பது. விட வேண்டும். உச்ச நீதிமன்றம் 1999-ல் சாகேத் இந்தியா வழக்கில் இதைச் சொன்னது. அந்த வழக்கில் நோட்டீஸ் 1995 செப்டம்பர் 29-ல் கிடைத்தது. பதினைந்து நாள் அக்டோபர் 14-ல் முடிந்து, 15-ல் வழக்கு மூலம் பிறந்தது. புகார் போடப்பட்டது நவம்பர் 15-ல். ஒரு நாள் தாமதம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அக்டோபர் 15-ஐ விட்டு 16-லிருந்து எண்ண வேண்டும், எனவே நவம்பர் 15 கெடுவுக்குள்தான் என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு இன்னொரு அமர்வு வேறு மாதிரி பேசியதால் கொஞ்ச காலம் குழப்பம் நீடித்தது. 2013-ல் ஈகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சாகேத் சொன்னதே சரி என்று முடித்துவைத்தது. 1999-க்கும் 2013-க்கும் நடுவில் தொழில் கற்றவர்கள் சிலர் இன்னும் ஒரு நாள் குறைத்தே சொல்வார்கள். அதனால் கட்சிக்காரருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதால் நான் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை.

இரண்டாவது தடுமாற்றம், ஒரு மாதத்தை முப்பது நாளாக நினைப்பது. சட்டத்தில் மாதம் என்றால் ஆங்கிலக் காலண்டர் மாதம். டிசம்பர் 17-ஐ விட்டுவிட்டு எண்ணும்போது, அடுத்த மாதத்தில் அதே எண் உள்ள தேதியில், அதாவது ஜனவரி 17-ல் முடியும். முப்பது நாள் என்று விரல் விட்டு எண்ணினால் 16 வரும். நடுவில் முப்பத்தொரு நாள் மாதம் இருப்பதால் வந்த வித்தியாசம் அது. இங்கே குறைத்து எண்ணியதால் பாதகமில்லை. பிப்ரவரி குறுக்கே வந்தால் கதை தலைகீழாகிவிடும். 2026 ஜனவரி 31-ல் வழக்கு மூலம் பிறந்தால் ஒரு மாதம் பிப்ரவரி 28-ல் முடிந்துவிடும். முப்பது நாள் என்று எண்ணுபவர் மார்ச் 2 வரை நேரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆக, உங்கள் கடைசி நாள் ஜனவரி 17, சனிக்கிழமை, உழவர் திருநாள். கோர்ட் மூடியிருக்கும். இங்கே கைகொடுப்பது 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 10-வது பிரிவு. மத்தியச் சட்டம் ஒன்று, ஒரு காரியத்தைக் கோர்ட்டிலோ அலுவலகத்திலோ குறித்த கெடுவுக்குள் செய்யச் சொல்லி, கெடுவின் கடைசி நாளில் அந்தக் கோர்ட் அல்லது அலுவலகம் மூடியிருந்தால், அது அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்த பழைய சட்டம்தான். என்றாலும் செக் வழக்குக்கான அத்தியாயம் 1988 திருத்தத்தில் சேர்ந்தது என்பதால், 1887-க்குப் பிறகு வந்த சட்டங்களுக்கே பொருந்தும் இந்தப் பிரிவு இதற்கும் பொருந்தும். உங்கள் நிலையில் அடுத்துத் திறக்கும் நாள் 19, திங்கள்.

இதில் 'மூடியிருந்தால்' என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோர்ட் மூடியிருக்க வேண்டும்? உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரம் உள்ள கோர்ட். 2015 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கு மூலமாக வசூலுக்குப் போட்ட செக் என்றால், உங்கள் கணக்கு எந்த வங்கிக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குள் வரும் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும். கணக்கு ஈரோட்டில் என்றால் ஈரோடு. செக் கொடுத்தவர் ஊரில் அன்று விடுமுறையா என்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது.

மாஜிஸ்திரேட் விடுப்பில் இருக்கிறார் என்றால் கோர்ட் மூடியதாகாது. பொறுப்பு மாஜிஸ்திரேட் ஒருவர் இருப்பார், அலுவலகம் தாக்கலை வாங்கும். வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பில் இருந்தாலும் அப்படித்தான். அன்று வக்கீல் உள்ளே போகவில்லை என்பதால் கோர்ட் மூடியதாகிவிடாது, நீங்களே நேரில் போய்க் கொடுக்கலாம். கோயில் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார், பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, தாலுகா ஆபீஸ் மூடியிருக்கிறது. அதனால் கோர்ட்டும் தானாக மூடியிருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அன்று அந்தக் கோர்ட் இயங்கியதா இல்லையா என்பதுதான் கேள்வி. விடுமுறையைத் தினசரிக் காலண்டரில் பார்க்காதீர்கள். உயர் நீதிமன்றம் வெளியிடும் கோர்ட் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள், அல்லது கோர்ட் ஆபீசில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. விடுமுறையால் உங்கள் கெடு 19-ஆம் தேதிக்கு நீண்டுவிடவில்லை. கெடு 17-லேயே முடிந்துவிட்டது. 19-ல் செய்ததைக் காலத்தில் செய்ததாக ஏற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவே. சொல் விளையாட்டு போலத் தெரியும். 19-ஐத் தவறவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

திங்கட்கிழமை வக்கீல் வேறு ஊர்க் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார், செவ்வாய் 20-ஆம் தேதி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தாமதம் எத்தனை நாள்? 'ஒரு நாள்தான்' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் மூன்று நாள். 17-ல் முடிந்த கெடு, 18, 19, 20. பிரிவு கொடுத்த சலுகை திறந்த முதல் நாளுக்கு மட்டும். அந்த நாளைத் தாண்டினால் சலுகையே இல்லாதது போல 17-லிருந்து எண்ண வேண்டியதுதான். செக் வழக்கில் 142-வது பிரிவிலேயே தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கிறது. 2002 திருத்தம் அதைச் சேர்த்தது. எனவே வழக்கு செத்துவிடாது. ஆனால் தனி மனு, காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்பு ஆட்சேபணை என்று சில மாதங்கள் அதிலேயே ஓடிவிடும். மனுவில் ஒரு நாள் என்று எழுதி, எதிரி வக்கீல் மூன்று நாள் என்று காட்டினால், மீதி இரண்டு நாளுக்கு மன்னிப்பே கேட்கவில்லை என்ற வாதம் வேறு கிளம்பும்.

காரணம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாமதத்தை மன்னிக்க வழி தரும் காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவைப் பற்றிப் பேசும்போது உச்ச நீதிமன்றம் 1981-ல் ஒன்று சொன்னது. கடைசி நாள் வரை காத்திருக்கக் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் தாமதத்துக்கான காரணம் கெடு முடிவதற்குள் எழுந்ததாக இருக்க வேண்டும், கெடு முடிந்த பிறகு நடந்தது போதுமான காரணமாகாது. செக் வழக்கின் மன்னிப்பு வேறு பிரிவில் இருந்தாலும் எதிரி வக்கீல் இதையே எடுத்துப் போடுவார். 'ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்துவிட்டது, திங்கட்கிழமை எழ முடியவில்லை' என்பது மனிதருக்கு நியாயமான காரணம். 17-லேயே கெடு முடிந்தது என்று எண்ணினால், காய்ச்சல் வந்தது கெடு முடிந்த பிறகு. திங்கட்கிழமையை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோர்ட் திறக்கும் நாள் சலுகை எதற்குக் கிடையாது என்பதை இந்த வழக்கிலேயே காட்டலாம். மெமோ கைக்கு வந்த அக்டோபர் 31-லிருந்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இங்கே சட்டம் மாதம் என்று சொல்லவில்லை, நாள் என்றே சொல்கிறது. நவம்பர் 1 முதல் நாள், முப்பதாவது நாள் நவம்பர் 30. அது ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வியாழக்கிழமை 27-ஆம் தேதியே அனுப்பிவிட்டதால் பிரச்சினை இல்லை. 'ஞாயிறு லீவு, திங்கட்கிழமை போஸ்ட் பண்ணலாம்' என்று டிசம்பர் 1 வரை வைத்திருந்தால்? நோட்டீஸ் கொடுப்பது கோர்ட்டில் செய்யும் காரியம் இல்லை. நீங்கள் ஒருவருக்குக் கொடுக்கிறீர்கள். தபால் ஆபீசும் ஒரு அலுவலகம்தானே என்று வாதாட வக்கீல்கள் இருப்பார்கள்; நானும் கட்டாயம் வந்தால் வாதாடுவேன். அந்த வாதத்தை நம்பி ஒரு கட்சிக்காரரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் கெடுவில் தவறினால் மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் இடமே வைக்கவில்லை. 142-வது பிரிவின் மன்னிப்பு புகார் தாக்கல் தாமதத்துக்கு மட்டுந்தான். செக் செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் அதை மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்ற ஒரு வழி உண்டு. அந்த மூன்று மாதமும் போய்விட்டால் கிரிமினல் வழக்கு அதோடு முடிந்தது. பிறகு பணத்துக்குச் சிவில் வழக்குதான்.

எதிரியின் பதினைந்து நாளுக்கும் இதே கேள்வி எழும். உங்கள் வழக்கில் பதினைந்தாவது நாளான டிசம்பர் 16 செவ்வாய்க்கிழமை என்பதால் தகராறில்லை. வேறு யாருக்காவது அது ஞாயிறாகவோ வங்கி விடுமுறையாகவோ அமையலாம். பணம் கட்டுவதும் கோர்ட்டில் செய்யும் காரியம் இல்லை என்பதால் பதினைந்தாம் நாளோடு முடிந்தது என்றே நான் எண்ணுவேன். ஆனால் புகார் போடுபவர் அந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பதினைந்து நாள் முடியும் முன் போட்ட புகார் புகாரே ஆகாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பிறகு நாள் கனிந்துவிட்டதால் அது சரியாகியும் விடாது. புதிதாகத்தான் போட வேண்டும். முன்பக்கம் இரண்டு மூன்று நாள் விட்டுப் போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. பின்பக்கம்தான் ஒவ்வொரு நாளும் விலை உள்ளது.

இதையெல்லாம் எண்ணத் தொடங்கும் தேதியே சில சமயம் தகராறில் இருக்கும். தபால் துறையின் இணையதளத்தில் 'Item Delivered' என்று ஒரு தேதி காட்டும். திரும்பி வந்த அத்தாட்சியில் கையெழுத்துக்குக் கீழே வேறு தேதி இருக்கும். சில நேரம் தேதியே இருக்காது. இரண்டில் முந்தைய தேதியைக் கொண்டு கடைசி நாளைக் கணக்கிடுங்கள், பிந்தைய தேதியைக் கொண்டு முதல் நாளைக் கணக்கிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் தாக்கல் செய்தால் எந்தத் தேதியைச் சொன்னாலும் தப்பித்துக்கொள்ளலாம். அந்த இணையப் பக்கத்தை இன்றே அச்செடுத்து வழக்குக் கட்டில் வையுங்கள். நாள் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகக்கூடும்.

தாக்கல் அன்று அசல் செக், ரிட்டர்ன் மெமோ, நோட்டீஸ் ஆபீஸ் பிரதி, தபால் ரசீது, டெலிவரி விவரம், உங்கள் பிரமாணப் பத்திரம் எல்லாம் போக வேண்டும். கையெழுத்துகளைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கட்டு மேல் விழும் கோர்ட் முத்திரையின் தேதியை அங்கேயே நின்று பாருங்கள். குறை சொல்லிப் பேப்பரைத் திருப்பினால் பயப்பட வேண்டாம். சொன்ன நாளுக்குள் சரிசெய்து திரும்பக் கொடுத்தால் முதல் முத்திரைத் தேதிதான் கணக்கு. அந்த முத்திரை விழுந்த உறையைக் கிழித்து எறிந்துவிட்டுப் புது உறை போட்டுக் கொடுக்கும் குமாஸ்தாக்கள் உண்டு. விடாதீர்கள். கெடுவுக்குள் போட்டதற்குச் சாட்சி அந்தப் பழைய உறைதான்.

இனி 2023 மே பில்.

தவணை பேசாமல் விற்றுக் கொடுத்த சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. 2023 மே 11-ஐ விட்டு எண்ணினால் 2026 மே 11, திங்கட்கிழமை முடிகிறது. சிவில் கோர்ட்டுகளுக்கு மே மாதம் கோடை விடுமுறை. இங்கே பொது உட்பிரிவுகள் சட்டம் வராது. காலவரையறைச் சட்டத்திலேயே 4-வது பிரிவு இருக்கிறது: கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் போடலாம். வேலை நேரத்தில் ஒரு பகுதி மூடியிருந்தாலும் அன்று மூடியதாகவே கொள்ளலாம் என்று ஒரு விளக்கமும் அதில் உண்டு. எனவே ஜூனில் கோர்ட் திறக்கும் முதல் நாளில் வழக்குப் போட்டால் செல்லும் என்பது சரி.

(மே லீவு என்ற எண்ணத்தைச் செக் வழக்குக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை கிடையாது. சிவில் பக்கம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மே மாதத்தில் செக் புகாரைத் தள்ளிப்போட்டால் மொத்தமும் தாமதம்தான்.)

அவர் தருவதாகச் சொல்லும் எழுத்துதான் ஆபத்து என்றேன். கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும் என்பது 18-வது பிரிவு. ஆனால் அந்த எழுத்து, கெடு முடிவதற்கு முன் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். உங்கள் கெடு முடிவது மே 11-ல். 4-வது பிரிவு அதை ஜூன் வரை நீட்டவில்லை. திறந்த நாளில் தாக்கலை ஏற்கிறது, அவ்வளவுதான். ஆகவே மே 25-ல் அவர் எழுதித் தரும் காகிதம் கெடு முடிந்த பிறகு வந்த காகிதம். அதை நம்பி, 'இன்னும் மூன்று வருடம் இருக்கிறது' என்று ஜூன் முதல் நாளைக் கோட்டைவிட்டால், கையில் இருந்த ஒரே வாய்ப்பும் போய்விடும். சிவில் வழக்குக்குத் தாமத மன்னிப்பும் கிடையாது. 5-வது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். அசல் வழக்குக்கு அது இல்லை. ஒரு நாள் தாண்டினாலும் தள்ளுபடி. பகுதித் தொகை கட்டினாலும் கணக்கு இதேதான்: மே 11-க்குள் கட்டியிருக்க வேண்டும், கட்டியதற்கு அவர் கையெழுத்திலோ கையொப்பத்திலோ எழுத்து இருக்க வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில்தான் மே கடைசி என்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வக்கீல் இருந்தால், அந்த வக்கீல் சொல்லிக்கொடுக்கக்கூடிய தேதியும் அதுவேதான்.

ஜூனில் திறக்கும் நாளில் போடும் வழக்கு சரியான கோர்ட்டில் விழ வேண்டும் என்பதும் முக்கியம். சாதாரண நாளில் தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு போட்டுவிட்டால், அங்கே செலவான காலத்தை 14-வது பிரிவு கழித்துக்கொடுக்கும். விடுமுறை முடிந்து போட்டவருக்கு அது உதவாது. ஜூன் 1-ல் கோர்ட் திறந்ததாக வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அன்று தவறான கோர்ட்டில் போட்டு, 20-ஆம் தேதி திருப்பிக் கொடுத்து, அன்றே சரியான கோர்ட்டில் போட்டால், கழிவது ஜூன் 1-லிருந்து 20 வரைக்கும் உள்ள நாட்கள்தான். மே 12-லிருந்து 31 வரையுள்ள இருபது நாள் அப்படியே நிற்கிறது. அந்த இருபது நாளைத் தாண்டவைத்தது, சரியான கோர்ட் திறந்த நாளில் போட்டால்தான் கிடைக்கும் சலுகை. சரியான கோர்ட்டில் அன்று போடவில்லையே! 1935-லேயே பிரிவி கவுன்சில் மக்பூல் அகமது வழக்கில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது. வாங்கியவர் வேறு மாவட்டத்துக்காரர் என்றால், வழக்கை எங்கே போடுவது என்பதை உங்கள் வக்கீலிடம் ஏப்ரலிலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடுமுறையை நம்பியவர்கள் எவ்வளவு தூரம் அடி வாங்குகிறார்கள் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. அசாம் குடிநீர் வாரியத்துக்கு எதிரான மத்தியஸ்தத் தீர்ப்பு அது. தீர்ப்பு கைக்குக் கிடைத்தது 2003 ஆகஸ்ட் 26. ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம், நவம்பர் 26-ல் முடிந்தது. காரணம் காட்டினால் மேலும் முப்பது நாள் கோர்ட் மன்னிக்கலாம், டிசம்பர் 26 வரை. கோர்ட் டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை கிறிஸ்துமஸ் விடுமுறை. திறந்த ஜனவரி 2-ல் மனுவைப் போட்டார்கள். செல்லாது என்று 2012-ல் தீர்ப்பாயிற்று. 4-வது பிரிவின் சலுகை, சட்டம் வகுத்த கெடுவான மூன்று மாதத்துக்குத்தான். கோர்ட் தயவில் கிடைக்கும் அந்த முப்பது நாளின் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கிடையாது என்றார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி பின்பற்றியது. இந்தத் தீர்ப்பு கடுமையானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இன்று சட்டம் இதுதான், என் அபிப்பிராயத்தை வைத்து யாரும் மனுப் போட முடியாது.

உங்கள் பில்லுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எழுதித் தருகிறேன் என்று அவர் வாய் விட்டுச் சொல்லியிருக்கும்போது மே கடைசி வரை ஏன் விட வேண்டும்? இந்த மாதமே வாங்குங்கள். பில் எண், பில் தேதி, பாக்கித் தொகை, எழுதிய தேதி, அவர் கையெழுத்து ஆகிய ஐந்தும் ஒரே தாளில் இருக்கட்டும். கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் கம்பெனி சீலோடு, அதன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். தேதியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தேதி இல்லாத காகிதத்தில் எப்போது எழுதியது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். மார்ச் கடைசி வரை தராவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, கோடை விடுமுறை தொடங்கும் முன், ஏப்ரலில் வழக்கைப் போட்டுவிடுங்கள்.